பெண் பார்த்து முடிந்தபின் ‘வேண்டாம்’ என்று எழுதும் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் உறவில் யாருக்காவது ஒரு சம்பந்தத்தை மறுக்க வேண்டி வந்தால், “நீங்களே நாலு வரி எழுதிக் கொடுத்துடுங்க” என்று என்னிடம்தான் வருவார்கள். பெண் வீட்டுக்கும் எழுதியிருக்கிறேன், பையன் வீட்டுக்கும் எழுதியிருக்கிறேன். அப்போதெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை.

போனில் சொன்னால் போதாதா? கடிதம் எதற்கு?

போனிலேயே சொல்லலாம், நன்றாகச் சொல்ல வருமென்றால். நம்மில் பலருக்கு வராது. எதிர்முனையில் பையனின் அப்பா “என்னங்க, நல்ல சேதிதானே?” என்று ஆரம்பித்ததும் நாக்கு புரண்டுவிடும். “இன்னும் பேசிக்கிட்டு இருக்கோம்”, “பெரியவர் ஊரிலிருந்து வரணும்” என்று ஏதாவது சொல்லிப் போனை வைத்துவிடுவோம். அவர்கள் அதை ‘சம்மதம், கொஞ்சம் தாமதம்’ என்று எடுத்துக்கொள்வார்கள். கடிதத்தில் அந்தத் தடுமாற்றம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் தங்கள் வீட்டில் ஐந்தாறு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். போனில் கேட்டதை அத்தை ஒரு மாதிரி சொல்வார், சித்தப்பா வேறு மாதிரி சொல்வார். “பெண் வீட்டில் கர்வம்” என்பதில் போய் முடியும். கடிதம் இருந்தால் அதையே எடுத்துக் காட்டிவிடலாம்.

பெண்ணை நேரில் பார்க்காமல் ஜாதகம், போட்டோ மட்டத்திலேயே நின்றுபோனதற்கெல்லாம் கடிதம் வேண்டாம். தரகரிடம் ஒரு வார்த்தை போதும். ஒரு குடும்பம் நம் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தால்தான் அந்த மரியாதை கடனாகிறது.

எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்?

முடிவு தெரிந்த மறுநாள். முடிவே தெரியவில்லை என்றாலும் ஒரு வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

அவர்கள் கிளம்பும்போது “தகவல் சொல்றோம்” என்று வாசலில் சொல்லியிருப்போம். அன்றிலிருந்து அந்த வீட்டில் போன் அடிக்கும்போதெல்லாம் ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். அதைவிட முக்கியம், நம்மிடமிருந்து பதில் வரும்வரை பல குடும்பங்கள் வேறு ஜாதகத்தைக் கையில் எடுப்பதில்லை. ஆவணியில் பெண் பார்த்துவிட்டு நாம் வாயைத் திறக்காமல் இருந்தால், நடுவில் புரட்டாசி வந்துவிடும். பலர் அந்த மாதத்தில் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள். ஐப்பசி முகூர்த்தத்துக்கு மண்டபம் பார்க்க நினைத்தவர்களுக்கு நம் ஒரு வார மௌனம் ஒரு பருவத்தையே சாப்பிட்டுவிடும்.

பெண் பார்த்த மறுநாள் காலையிலேயே மறுப்பது முகத்தில் அடித்ததுபோல் ஆகாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஆகும்தான். ஞாயிறு வந்து போனவர்களுக்கு செவ்வாயோ புதனோ எழுதினால், ‘உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுத்திருக்கிறார்கள்’ என்று தோன்றும். அந்த இடைவெளி போதும்.

யார் எழுத வேண்டும்? யாருக்கு எழுத வேண்டும்?

பேச்சை யார் நடத்தினார்களோ அவர்கள் பெயரில், எதிர்த்தரப்பில் பேச்சை நடத்தியவர் பெயருக்கு. வழக்கமாக அப்பாவிலிருந்து அப்பாவுக்கு. அம்மாவையும் சேர்த்து “ஐயா, அம்மா அவர்களுக்கு” என்று எழுதுவது நல்லது. பெண் வீட்டின் கூடத்தில் கேள்வி கேட்டதும், வளையல் அளவு பார்த்ததும் அம்மாதான். கடிதத்தில் மட்டும் அவர் இல்லாமல் போவது சரியில்லை.

பெண்ணோ பையனோ நேரடியாக எழுத வேண்டியதில்லை. அவர்களுக்குள் போனில் பேசிப் பழகியிருந்தால் கதை வேறு. அப்போது அவர்களும் தனியே ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளட்டும், நம் கடிதம் போய்ச் சேருவதற்கு முன்பே.

தரகரோ பொதுவான உறவினரோ நடுவில் இருந்தால், கடிதத்தைத் தபாலில் சேர்க்கும் அன்றே அவருக்கும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர் இரண்டு நாள் கழித்து அங்கே போய் “பெண் வீட்டில் ரொம்ப திருப்தி” என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதே சமயம், தரகர் வாயாலேயே மறுப்பைச் சொல்லி அனுப்பிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது. அவர் வாயில் நம் காரணம் என்ன உருவம் எடுக்கும் என்று நமக்குத் தெரியாது.

காரணம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. நிறையப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

காரணங்களில் இரண்டு வகை. ஒன்று, எதிர்த்தரப்பு சரிசெய்யக் கூடியது: வேலை மாற்றல், தனிக்குடித்தனம், கல்யாணத் தேதி, மண்டபச் செலவு. இன்னொன்று, யாராலும் சரிசெய்ய முடியாதது: பெண்ணுக்கு மனம் ஒப்பவில்லை என்பது. முதல் வகையை எழுதினால் அது மறுப்பாக இருக்காது, பேரத்தின் தொடக்கமாகிவிடும். “மாற்றல்தானே பிரச்சினை? எங்க மச்சினர் தலைமை அலுவலகத்தில் இருக்கார், பார்த்துக்கலாம்” என்று பதில் வரும். அவர்கள் மேல் தப்பில்லை. கதவைத் திறந்து வைத்தது நாம்தான்.

அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “நீங்கள் எழுதியிருக்கும் இந்தக் காரணத்தை நாளைக்கே அவர்கள் தீர்த்துவைத்தால், நீங்கள் சரி என்பீர்களா?” ஆமாம் என்றால், அது மறுப்புக் கடிதமே இல்லை. போனை எடுத்து நேராகப் பேசுங்கள். இல்லை என்றால், அந்தக் காரணத்தை அடித்துவிடுங்கள்.

உண்மையான காரணத்தை எழுதுவதிலும் சிக்கல் உண்டு. பையன் கொஞ்சம் குள்ளம், வீட்டில் சத்தம் அதிகம், அம்மா அதட்டலாகப் பேசினார் என்பதெல்லாம் நம் வீட்டுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதி. எழுத்தில் போனால் பத்து வருடம் கழித்தும் ஒரு பீரோவுக்குள் இருக்கும்.

எஞ்சுவது ஒரு வரிதான். ‘எங்கள் பெண் யோசித்து, வேண்டாம் என்று முடிவு சொல்லியிருக்கிறாள்.’ இது பொய்யும் இல்லை, யாரையும் குறை சொல்லவும் இல்லை, வாதாடவும் இடம் தராது. ஒரு காலத்தில் பெண்ணின் விருப்பத்தைக் காரணமாக எழுதக் கூச்சப்பட்டார்கள். இன்றைக்கு அதைவிடக் கண்ணியமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் சொல்வதுபோல் ‘ஜாதகம் பொருந்தவில்லை’ என்று எழுதிவிட்டால் வம்பே இல்லையே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் முதல் கடிதத்தில் அதைத்தான் எழுதினேன், பையன் வீட்டின் சார்பில். பத்து நாளில் பெண்ணின் தாத்தா நேரில் வந்துவிட்டார். மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். இரண்டு ஜோசியர்களிடம் தனித்தனியாகக் காட்டியிருக்கிறார். “ரெண்டு பேருமே எட்டுப் பொருத்தம் இருக்குங்கறாங்க. ரஜ்ஜுவும் இருக்கு. உங்க ஜோசியர் யாருன்னு சொன்னீங்கன்னா ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்” என்றார். அப்படி ஒரு ஜோசியரே கிடையாது. அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

இந்தப் பொய் சுலபமாக மாட்டிக்கொள்ளும். தினம், கணம் தொடங்கி ரஜ்ஜு, வேதை வரை பத்துப் பொருத்தமும் நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்துப் பார்ப்பது. பின்பக்கம் பொருத்த அட்டவணை போட்ட பஞ்சாங்கம் ஒன்று இருந்தால் யாரும் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். மேலும், நம் பக்கத்தில் ஜாதகம் பார்த்த பிறகுதான் பெண் பார்க்கவே கிளம்புவார்கள். வந்து பஜ்ஜி சாப்பிட்டுப் போனபின் ஜாதகம் சேரவில்லை என்றால், ‘அப்படியானால் எதற்கு எங்களை வரச் சொன்னீர்கள்?’ என்ற கேள்வி நியாயமாகவே எழும்.

இன்னொரு தீங்கும் அதில் இருக்கிறது. “அந்தப் பெண்ணுக்கு ஜாதகத்தில் ஏதோ இருக்காம்” என்ற பேச்சு தரகர்கள் வழியாகச் சுற்ற ஆரம்பித்தால், அடுத்து வரும் வரன்களையும் அது பாதிக்கும். நம் சங்கடத்தைத் தவிர்க்க இன்னொருவர் வீட்டுப் பெண் தலையில் தோஷத்தை ஏற்றக் கூடாது.

நேரில் பார்த்தபின் உண்மையாகவே ஜாதகத்தில் ஏதாவது தெரிந்தால்? சில சமயம் பிறந்த நேரம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது அப்புறம்தான் தெரியவரும். அப்போது மொட்டையாக ‘பொருந்தவில்லை’ என்று எழுதாமல் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

ஒரு மாதிரிக் கடிதம் காட்ட முடியுமா?

என் தங்கை மகளுக்காக எழுதியதையே காட்டுகிறேன். பெண்ணுக்குத் தந்தை இல்லை. மயிலாடுதுறையில் அம்மாவோடு இருக்கிறாள், வங்கியில் வேலை. பையன் வீடு கரூர், பையனுக்கு பெங்களூரில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் வேனில் வந்தார்கள். ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நல்ல மனிதர்கள். பையனும் பெண்ணும் மொட்டை மாடியில் கால் மணி நேரம் பேசினார்கள்.

மூன்று நாள் கழித்து அவள் சொன்னாள்: “நல்லவர்தான் மாமா. ஆனா அந்தக் கால் மணி நேரமும் அவரைப் பத்தியே பேசினார். என்கிட்ட ஒரு கேள்விகூடக் கேட்கலை.” அவ்வளவுதான். காரணம் போதுமா என்றால், அவளுக்குப் போதும்.

என் தங்கை முதலில் எழுதி வைத்திருந்த வரைவில் இப்படி இருந்தது: “பெண்ணுக்கு பெங்களூருக்கு மாற்றல் கிடைப்பது கடினம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். அதனால் இப்போதைக்கு இதைத் தள்ளிவைக்கலாம் என்று நினைக்கிறோம். தங்களைப் போன்ற நல்ல குடும்பத்தில் பெண்ணைக் கொடுக்க எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.” மூன்று வாக்கியம், மூன்றும் வம்பு. மாற்றல் என்றால் அவர்கள் மாற்றலுக்கு ஆள் பிடிப்பார்கள். ‘இப்போதைக்கு’ என்றால் தை பிறந்ததும் போன் வரும். கொடுத்துவைக்கவில்லை என்பதைப் படிக்கிறவருக்கு, ‘அவ்வளவு நல்ல குடும்பம் என்றால் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?’ என்று தோன்றும். அதிகமாகப் புகழ்ந்தாலும் சந்தேகம்தான் வரும்.

கடைசியில் போன கடிதம் இது:

“மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் குடும்பத்தோடு அவ்வளவு தூரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு நன்றி. முட்டிவலியோடு பெரியம்மா அவர்கள் எங்கள் வாசல் படி ஏறி வந்ததையும், பெண்ணின் அப்பாவைப் பற்றி ஆதரவாகப் பேசியதையும் நாங்கள் மறக்க மாட்டோம்.

இந்தச் சம்பந்தத்தைப் பற்றி வீட்டில் கலந்து பேசினோம். பெண்ணிடமும் கேட்டோம். நன்றாக யோசித்து, மேற்கொண்டு பேச வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவள் முடிவே எங்கள் முடிவும். தங்கள் மகன் மீதோ குடும்பத்தின் மீதோ எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

தாங்கள் எங்கள் பதிலுக்காகக் காத்திருந்து மற்ற வரன்களைத் தள்ளிப்போடக் கூடாது என்பதால் உடனே தெரிவிக்கிறோம்.

தங்கள் மகனின் ஜாதகத்தையும் புகைப்படத்தையும் இத்துடன் வைத்திருக்கிறோம். தங்களிடம் உள்ள எங்கள் பெண்ணின் ஜாதகத்தையும் படங்களையும் வசதிப்படும்போது திருப்பி அனுப்ப வேண்டுகிறோம்.

தங்கள் மகனுக்கு விரைவில் நல்ல இடத்தில் திருமணம் கூடிவர வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,”

கீழே இரண்டு கையெழுத்து. முதலில் பெண்ணின் அம்மாவுடையது, அடுத்தது தாய்மாமனான என்னுடையது. “நான் கையெழுத்துப் போடணுமா அண்ணா, நீயே போட்டுடேன்” என்று தங்கை தயங்கினாள். கணவன் இல்லாத பெண்கள் இது மாதிரி விஷயத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? பெண்ணைப் பெற்றவள் அவள்தான். அவள் பெயர் மேலே இருந்தது.

இதில் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டது முதல் பத்தியில். ‘வந்ததற்கு நன்றி’ என்று மட்டும் எழுதினால் அது அச்சடித்த அட்டைபோல இருக்கும். அன்றைக்கு நடந்த ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னால்தான் இந்தக் கடிதம் அவர்களுக்கென்றே எழுதப்பட்டது என்று தெரியும். பையனின் பெரியம்மா படியில் கையை ஊன்றி ஊன்றி ஏறியதை நானே பார்த்தேன். அதை எழுதினேன்.

மறுப்பு இரண்டாம் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். ஒரு பக்கம் நலம் விசாரித்துவிட்டுக் கடைசி வரியில் ‘ஆனால்’ என்று போட்டால், படிப்பவர் சந்தோஷமாகவே பாதி தூரம் வந்துவிடுவார். அது மரியாதை இல்லை.

எந்தெந்த வார்த்தைகளைத் தவிர்ப்பது?

‘இப்போதைக்கு’, ‘தற்சமயம்’, ‘பிறகு பார்க்கலாம்’. மூன்றும் காத்திருக்கச் சொல்லும் வார்த்தைகள். ‘மன்னிக்கவும்’ ஒரு தடவை வந்தால் போதும், வராவிட்டாலும் பரவாயில்லை. நாம் குற்றம் எதுவும் செய்யவில்லை. ‘நிராகரிக்கிறோம்’ வேண்டவே வேண்டாம். அது விண்ணப்பப் படிவத்துக்கு அலுவலகம் எழுதுகிற பதில். ‘சம்பந்தி’ என்று வாய் தவறிக்கூட விளிக்காதீர்கள். பெண் பார்த்த அன்றே உற்சாகத்தில் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தவர்களுக்குக் கடிதத்தில் ‘ஐயா’ என்று திரும்புவது கஷ்டம்தான், ஆனாலும் திரும்ப வேண்டும்.

‘பிராப்தம் இல்லை’ என்று எழுதலாமா என்று கேட்பார்கள். வயதானவர்களுக்கு எழுதும்போது அது இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் முடிவைச் சொன்ன பிறகு அதைச் சேர்க்க வேண்டும். முடிவுக்குப் பதிலாக அதை மட்டும் எழுதினால் புரிந்தும் புரியாமலும் இருக்கும்.

அப்புறம், மஞ்சள். கல்யாணப் பத்திரிகை பழக்கத்தில் கை தானாக நாலு மூலையிலும் மஞ்சள் தடவப் போகும். அந்த உறையைப் பார்த்தவுடனே அவர்கள் நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டுதான் பிரிப்பார்கள். இந்தக் கடிதத்துக்கு வெள்ளைத் தாள் போதும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மரியாதைக் குறைவா?

இல்லை, அவர்கள் நம்மோடு அதில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்றால். போட்டோ வந்தது, ஜாதகம் வந்தது, வீட்டுக்கு வழி காட்டும் லொக்கேஷன் போனது எல்லாம் வாட்ஸ்அப்பில். மறுப்புக்கு மட்டும் தபால் என்றால் ஐந்து நாள் வீண்.

ஆனால் கடிதமாகவே எழுதி, ஒரே செய்தியாக அனுப்புங்கள். துண்டு துண்டாக அனுப்பினால், “வணக்கம் ஐயா” என்ற முதல் துண்டைப் பார்த்துவிட்டு அவர் அடுத்ததற்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். கைகூப்பும் பொம்மை, பூங்கொத்து எதுவும் வேண்டாம். இரண்டு வீட்டாரையும் சேர்த்துக் குழு ஏதாவது ஆரம்பித்திருந்தால் அதில் போடாதீர்கள்; பெரியவருக்குத் தனியாக அனுப்பிவிட்டு, அவர் படித்துவிட்டார் என்று தெரிந்தபின் குழுவிலிருந்து வெளியேறுங்கள். இரவு பத்து மணிக்குமேல் அனுப்புவதும் சரியில்லை. அந்த வீட்டில் அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

மேட்ரிமோனி தளம் வழியாக வந்த வரன் என்றால், அங்கே மறுப்புப் பொத்தானை அழுத்துவது கடைசி வேலையாக இருக்கட்டும். நம் செய்தியைப் படிப்பதற்கு முன் அந்தத் தளத்திலிருந்து ‘உங்கள் விருப்பம் ஏற்கப்படவில்லை’ என்று அவர்களுக்கு அறிவிப்பு போய்விடக் கூடாது.

அவர்கள் கொண்டுவந்த பொருள்களைத் திருப்பித் தர வேண்டுமா?

பூ, பழம், ஸ்வீட் திருப்பித் தருவதற்கில்லை. அது வெறுங்கையோடு வரக் கூடாது என்பதற்காக வந்தது. நாமும் அவர்களுக்கு வெற்றிலைபாக்கு வைத்துக் கொடுத்தனுப்பியிருப்போம்.

பெண் கையில் யாராவது பெரியவர் பணம் வைத்திருந்தாலோ, புடவை கொடுத்திருந்தாலோ அது திரும்பிப் போக வேண்டும். கொரியரில் புடவையைத் திருப்பி அனுப்புவது அவமானப்படுத்துவதுபோல் இருக்கும். நடுவில் இருக்கும் உறவினர் கையில் கொடுத்தனுப்புவதே மேல்.

ஜாதகமும் போட்டோவும் கட்டாயம் திரும்ப வேண்டும். கையால் எழுதிய பழைய ஜாதக நோட்டு என்றால் சாதாரணத் தபாலில் போடவே வேண்டாம். பதிவுத் தபாலை 2025இல் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதில் உள்ள எண்ணை அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள். போனில் இருக்கும் படங்களை நாம் அழித்துவிட்டோம் என்று ஒரு வரி சேர்ப்பதும் நல்லது. நாம் சொன்னால்தான் அவர்களையும் அழிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரும். பெண் படம் ஊர்ப்பட்ட போன்களில் கிடப்பது யாருக்கும் பிடிக்காது.

வரதட்சணை கேட்டதால்தான் வேண்டாம் என்கிறோம். அதைக் கடிதத்தில் எழுதலாமா?

எழுதுவதானால் நேராக எழுதுங்கள். “தாங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு எங்களால் செய்ய இயலாது” என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். அதைப் படித்தால், கேட்டது சரிதான், தொகைதான் ஒத்துவரவில்லை என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும். உடனே “50 பவுன் வேண்டாம், 35 போடுங்க” என்று இறங்கி வருவார்கள். “கொடுக்கல் வாங்கல் பேசி நடக்கும் திருமணத்துக்கு எங்களுக்குச் சம்மதம் இல்லை” என்று ஒரே வரி. அதற்குமேல் அந்தக் கடிதத்தில் உபசாரம் தேவையில்லை.

1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி, கேட்பதே குற்றம். கொடுத்து வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. 4ஆவது பிரிவு அதற்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம்வரை சிறையும் 10,000 ரூபாய்வரை அபராதமும் சொல்கிறது. புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால், ‘தங்கள் குடும்பத்தின் மீது எந்தக் குறையும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் அனுப்பிவிடாதீர்கள். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பையன் உறவுக்காரன். முறைப்பையன்தான். என்ன எழுதுவது?

எழுதாதீர்கள். நேரில் போங்கள். உறவுக்குள் கடிதம் போட்டால் ‘வந்து சொல்லக்கூட மனசில்லை’ என்ற குறை இரண்டு தலைமுறைக்கு நிற்கும். அத்தை வீடு என்றால் பெண்ணின் அப்பாவே போய், அத்தையிடம் தனியாகச் சொல்ல வேண்டும், கூடத்தில் எல்லோர் முன்னாலும் இல்லை.

பூ வைத்து உறுதி செய்துவிட்டோம். இப்போது மனம் மாறிவிட்டது. இதே கடிதம் போதுமா?

போதாது. பெண் பார்த்ததோடு நின்றது வேறு, பூ வைத்தது வேறு. பூ வைத்தபின் அவர்கள் உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லியிருப்பார்கள், மண்டபத்துக்கு முன்பணம்கூடக் கொடுத்திருக்கலாம். இரண்டு பெரியவர்களை அழைத்துக்கொண்டு நேரில் போக வேண்டும், வைத்த புடவையையும் நகையையும் பட்டியலிட்டு ஒப்படைக்க வேண்டும், அவர்களுக்கு ஆன செலவைப் பற்றி நாமே பேச்செடுக்க வேண்டும். கடிதம் எழுதினால் அது, பேசி முடித்ததைக் குறித்துக்கொள்ளும் எழுத்தாக மட்டும் இருக்கட்டும்.

கடிதம் கிடைத்தும் விடாமல் போன் பண்ணி ‘காரணம் என்ன’ என்று கேட்கிறார்கள். என்ன செய்வது?

ஒருமுறை எடுத்துப் பேசுங்கள். எடுக்காமல் விடுவது தப்பு. ஆனால் கடிதத்தில் உள்ள அதே வாக்கியத்தைத்தான் சொல்ல வேண்டும். “பெண் யோசித்துச் சொல்லிவிட்டாள், அவள் முடிவில் நாங்கள் தலையிடுவதாக இல்லை.” இதற்கு மேல் புதிதாக ஒரு காரணத்தைச் சேர்த்தால், முதலில் எழுதியது பொய் என்று ஆகிவிடும். வீட்டில் யார் போனை எடுத்தாலும் இதையே சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அம்மா ஒன்று சொல்லி, பாட்டி ஒன்று சொன்னால் வேலை கெட்டது.

கரூரிலிருந்தும் போன் வந்தது. பையனின் அப்பா. “பையன் ஏதாவது தப்பாப் பேசிட்டானா?” என்று கேட்டார். தகப்பன் மனசு, அதைத்தான் முதலில் கேட்கும். “இல்லைங்க, ரொம்ப மரியாதையாப் பேசினார்” என்றேன். அது உண்மை. கடிதத்தில் எழுதாமல் விட்ட அவள் காரணத்தைப் போனிலும் நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரிங்க, சீக்கிரம் சொன்னீங்க, அதுவே பெரிசு” என்றார்.

அவர்களிடமிருந்து பதில் வந்தால் அதற்கும் பதில் எழுத வேண்டுமா?

ஜாதகம் வந்து சேர்ந்தது என்று மட்டும் ஒரு வரி தெரிவியுங்கள். எங்களுக்கு எட்டு நாளில் வந்தது. பெண்ணின் இரண்டு போட்டோவையும் ஒரு தாளில் மடித்து, உறைக்குள் அட்டை வைத்துக் கசங்காமல் அனுப்பியிருந்தார்கள். தாளில் “பெரியம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்” என்று மட்டும் எழுதியிருந்தது. தை மாதம் அந்தப் பையனின் கல்யாணப் பத்திரிகை மயிலாடுதுறைக்கு வந்தது. நான் மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வந்தேன்.